நானாவின் வரைபடம்

நானா கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது தன் பிளேஸ்டேஷனைத் துணியால் மூடி, ரீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். "தூசு படாமப் பாத்துக்கோ" என்று மட்டும்தான் சொன்னார். விளையாடாதே என்று சொல்லவில்லை. ஒன்பது மாதம் அது அப்படியே இருந்தது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை காத்திருந்த அந்த நீண்ட விடுமுறையில்தான் நான் அந்தத் துணியை எடுத்தேன்.

உள்ளே நானா பாதியில் விட்டிருந்த ஒரு விளையாட்டு இருந்தது. அதன் பெயர் 'ஹொரைசன் ஸீரோ டோன்'. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கெரில்லா என்ற நிறுவனம் உருவாக்க, 2017இல் வெளிவந்தது. விளையாட்டு என்றதும் பந்தயக் காரும் துப்பாக்கியும் நினைவுக்கு வரும் பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது 'திறந்த உலக' வகையைச் சேர்ந்தது. முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம் என்று வரிசையாகப் போகாது. மலை, காடு, ஆறு, பாலைவனம், நகரம் எல்லாம் ஒரே பெரிய நிலமாக விரிந்திருக்கும். எங்கே போவது, எதை முதலில் செய்வது என்பதை விளையாடுபவரே தீர்மானிக்கலாம். நம் காலத்து நாகரிகம் அழிந்து பல நூறு வருடங்களுக்குப் பின்னர், விலங்குகளைப் போன்ற இயந்திரங்கள் உலாவும் அமெரிக்க மலைநாட்டில் கதை நடக்கிறது. கதாநாயகி ஏலோய். தாய் யாரென்று தெரியாமல், குலத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டு வளர்ந்த பெண். தன் தாயைத் தேடித்தான் புறப்படுகிறாள்.

நானா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவருடைய வரைபடத்தைத் திறந்தபோது அதில் பெரும்பகுதி மேகத்தால் மூடிக் கிடந்தது. நாம் போகாத இடத்தை அந்த விளையாட்டு அப்படித்தான் காட்டும். 'நானா பாவம், பாதிதான் முடிச்சிருக்கார். அவர் லீவுல வரும்போது முழுசா முடிச்சுக் காட்டணும்' என்று அன்றே முடிவெடுத்தேன். நான் செய்த தவறு அந்த முடிவில்தான் தொடங்கியது.

பழைய கணிதக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். அந்த விளையாட்டில் டோல்நெக் என்ற நெடுங்கழுத்து இயந்திரங்கள் ஐந்து. இயந்திரங்களைச் செய்யும் நிலத்தடித் தொழிற்சாலைகள் நான்கு. கொள்ளையர் முகாம் ஆறு. கெட்டுப்போன இயந்திரங்கள் நிறைந்த இடங்கள் பதினொன்று. வேட்டைப் பயிற்சிக் களம் ஐந்து. இவை தவிர, தேடிச் சேர்க்கும் பொருட்கள் வேறு: உலோகப் பூக்கள் 30, பழங்காலக் கோப்பைகள் 12, சிறு சிலைகள் 6, 'காட்சிமுனை' என்று சொல்லக்கூடிய பழைய பதிவுகள் 12. சேர்க்க வேண்டியவை மட்டும் 60. இவற்றுக்கு மேலே பக்கக் கதைகளும் சில்லறை வேலைகளும். ஊரிலே காண்கிற ஒருவர் தன் மகளைக் காணோம் என்பார், இன்னொருவர் நரித்தோல் கொண்டுவா என்பார். அவையும் பட்டியலில் ஏறும்.

இதிலே ஒரு விடயத்தை நான் பிறகுதான் யோசித்தேன். அந்தப் பூக்களும் கோப்பைகளும் எங்கே இருக்கின்றன என்று வரைபடம் தானாகக் காட்டுவதில்லை. விளையாட்டுக்குள் இருக்கும் வியாபாரிகளிடம் அதற்கான வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினால்தான் குறிகள் வரும். நான் முதல் வேலையாக எல்லா வரைபடத்தையும் வாங்கினேன். அதாவது, என்னை மூச்சுத் திணற வைத்த அந்தக் குறிகளை என் கையாலேயே, என் காசிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நான் விளையாடிய விதத்தை எழுதுவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. திரையின் மேற்பக்கத்தில் திசைகாட்டி போல ஒரு பட்டை இருக்கும். நாம் தேடும் குறி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று அதில் தெரியும். நான் அந்தப் பட்டையைப் பார்த்தபடியே ஓடினேன். தூரம் குறையக் குறைய விரலை அழுத்தினேன். பூவை எடுத்தேன், கொப்பியில் வெட்டினேன், அடுத்த குறி. யாராவது பேச ஆரம்பித்தால் பொத்தானை அமுக்கிப் பேச்சைத் தாண்டினேன். வாப்பா எனக்குத் தந்தது ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் எத்தனை குறி முடிந்தது என்று கணக்குப் பார்த்தேன். நான்கு என்றால் நல்ல நாள். இரண்டு என்றால் அன்று முழுக்க எரிச்சல்.

ஒருநாள் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, வெளாடுறதா, இல்ல யாருக்கும் கடன் கட்டுறதா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் உம்மா கேட்டது சரியான கேள்வி. ஒரு குறி முடிந்தவுடன் எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல, 'அப்பாடா ஒண்டு குறைஞ்சிச்சு' என்ற நிம்மதி மட்டும்தான். குறிகளுக்குள் மூழ்கிவிட்டோமா என்று அறிய அதுவே முதல் அடையாளம் என்று இப்போது நினைக்கிறேன். இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடத்தைத் திறப்பது ஒன்று. இப்போதுதான் கடந்து வந்த இடம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போவது மற்றது.

விடுமுறை முடிவதற்கு முன் பட்டியலை முடித்தேன். கடைசிப் பூவை எடுத்தபோது இரவு எட்டு மணி. முப்பது பூக்களையும் கொடுத்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? வியாபாரி ஒருவர் சில பரிசுப் பெட்டிகள் தருவார். அதற்குள் இருப்பவை, அந்த நேரத்தில் எனக்குத் தேவையே இல்லாத சாமான்கள். ரீவியை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு பல மாதம் அதைத் தொடவில்லை.

போன டிசம்பரில் நானா ஒரு மாத லீவில் வந்தார். மூன்றாம் நாள் இரவு, பெட்டிகளெல்லாம் பிரித்து முடிந்த பிறகு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். அவர் வரைபடத்தைத் திறந்தார். மேகம் எங்கேயும் இல்லை. மூலைக்கு மூலை எல்லாம் முடிந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது சிரிப்பார் என்று.

கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்டும் மிச்சம் வெக்கல்லயா புள்ள?"

எனக்கு விளங்கவில்லை. "உங்களுக்காகத்தான் நானா முடிச்சேன்" என்றேன்.

"இல்ல, பரவாயில்ல. அந்த மேற்குப் பக்கத்து டோல்நெக்க நான் வேணுமெண்டே விட்டு வெச்சிருந்தேன். அங்க ரூம்ல இருக்கக்குள்ள சில நேரம் யோசிப்பேன், ஊருக்குப் போனா அதில ஏறோணும் எண்டு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பழைய சேமிப்பு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று இரவிலேயே தேடினேன். எல்லாவற்றின் மேலும் நானே சேமித்திருந்தேன். நான் 'மிச்சம்' என்று நினைத்து ஒவ்வொன்றாக அழித்த இடங்களெல்லாம் அவர் பிறகு போவதற்கென்று வைத்திருந்த இடங்கள்.

மறுநாள் அவராகவே சொன்னார், "வா, முதல்ல இருந்து தொடங்குவம். ரெண்டு பேரும் மாறி மாறி." பழையதை அழிக்காமல் புதிதாக ஒன்று தொடங்கினோம். இம்முறை அவர் மூன்று விடயங்களை மட்டும் செய்தார்.

முதலாவது, அமைப்புப் பகுதிக்குப் போனார். திரையில் தெரியும் ஒவ்வொரு குறிப்பையும் எப்போதும் காட்டவோ, தேவையானபோது மட்டும் காட்டவோ, காட்டாமல் விடவோ அங்கே வசதி இருக்கிறது. திசைகாட்டிப் பட்டையை மறைத்துவிட்டார். கொன்ட்ரோலரின் நடுவில் உள்ள தொடுதளத்தை விரலால் தடவினால் மறைத்தவை சில நொடிகளுக்குத் தெரிந்து மீண்டும் மறையும். வழி தவறினால் அது போதும். ஆகவே குருடாக அலைய வேண்டியதில்லை. பார்க்க நினைக்கும்போது மட்டும் பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, வியாபாரியிடம் பூ வரைபடம் வாங்கக் கூடாது. வழியில் கண்ணில் பட்டால் எடுக்கலாம். படாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

மூன்றாவது, பணிப் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பது. அந்த விளையாட்டே பிரதான கதை, பக்கக் கதை, சில்லறை வேலை என்று வேறு வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. நான்தான் எல்லாவற்றையும் ஒரே நிறையில் போட்டிருந்தேன். பக்கக் கதைகளில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதோ நடக்கிறது. அவற்றை ஏற்பது. சில்லறை வேலைகளைப் போகிற வழியில் இருந்தால் மட்டும் ஏற்பது. ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை.

எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பிரதான கதையை மட்டும் ஓடி முடிக்கலாமே என்று கேட்டேன். அதுவும் சரிவராது என்றார் நானா. ஒவ்வொரு பணிக்கும் இந்தப் படிநிலை இருந்தால் நல்லது என்று ஓர் எண் போட்டிருக்கும். நம் எண் அதைவிட மிகக் குறைவாக இருந்தால் நம் அம்பு எதிரியை உறுத்தாது, அவன் அடித்தால் இரண்டு அடியில் கதை முடியும். எனவே கொஞ்சம் வெளியே அலையத்தான் வேண்டும். ஆனால் அந்த அலைச்சலுக்கு இரண்டு மூன்று பக்கக் கதைகளே போதும், அறுபது பொருட்களும் வேண்டியதில்லை.

முதல் டோல்நெக்கைப் பிடித்த இரவை எழுதாமல் இருக்க முடியாது. டோல்நெக் ஒட்டகச்சிவிங்கி போன்ற ஓர் உருவம். தலை மட்டும் தட்டையான பெரிய தட்டு. யாரையும் தாக்காது. ஒரே வட்டப் பாதையில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். அதன் தலையில் ஏறி ஏலோயின் கருவியைச் செருகினால் சுற்றுவட்டார வரைபடம் திறக்கும். என்னுடைய பழைய முறையில், குறியை நோக்கி ஓடி, ஏறி, செருகி, வெட்டிவிட்டுப் போயிருந்தேன். ஐந்தில் ஒன்றுகூட எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை.

இம்முறை குறி இல்லை. மரங்களுக்கு மேலே அந்தத் தட்டுத்தலை நகர்வதைத்தான் முதலில் கண்டோம். நானா என்னை அருகில் போக விடவில்லை. "முதல்ல ரெண்டு சுத்துப் பாரு" என்றார். புற்களுக்குள் ஒளிந்து பார்த்தோம். இடிந்த பழைய கட்டடங்களுக்கு நடுவே அதன் பாதை வளைந்தது. காவல் இயந்திரங்கள் சில கீழே திரிந்தன. இரண்டாம் சுற்றில் எனக்கே தெரிந்தது, ஓர் இடிபாட்டின் உச்சிக்கு மிக நெருக்கமாக அது கடந்து போகிறது. ஆக, ஏறவேண்டியது டோல்நெக்கில் அல்ல, முதலில் அந்த இடிபாட்டில். காவல் இயந்திரங்களைத் தவிர்த்து மேலே போய், விளிம்பில் நின்று காத்திருந்தோம். முதல் தடவை பிந்திப் பாய்ந்து கீழே விழுந்தேன். திரும்ப ஏறினோம், திரும்பக் காத்திருந்தோம். மறுதடவை அதன் கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்துவிட்டேன். உச்சிக்கு ஏறியதும் நானா கொன்ட்ரோலரைத் தட்டினார்.

"அமத்தாத. கொஞ்சம் நில்லு. சுத்திப் பாரு."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த பாதை, தாண்டிய ஆறு, இன்னும் போகாத பனிமலை எல்லாம் ஒரே சுற்றில் தெரிந்தன. டோல்நெக் நடக்க நடக்க அந்தக் காட்சி மெதுவாகத் திரும்பியது. அந்த ஒரு வேலைக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பழைய கணக்கில் அது மிக மோசமான நாள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கை இன்று கேட்டாலும் தாளில் வரைந்து காட்டுவேன்.

நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, எங்கே செங்குத்து, எங்கே மென்சரிவு, ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று நாமே வாசிக்க வேண்டும். படம் 'இங்கே போ' என்று சொல்லாது. 'பிரெத் ஒஃப் த வைல்ட்' என்ற இன்னொரு திறந்த உலக விளையாட்டு ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நின்டென்டோ நிறுவனம் அதை 2017இல் வெளியிட்டது. கொழும்பில் மாமாவின் மகளிடம் அது இருக்கிறது. அதில் 15 கோபுரங்கள். ஏறினால் வரைபடம் திறக்கும், ஆனால் நிலத்தின் வடிவமும் பெயர்களும்தான் வரும். ஆலயங்களோ புதையல்களோ அதில் தானாக விழாது. கோபுரத்தின் மேலே நின்று தொலைநோக்கியால் சுற்றிப் பார்த்து, எது நம்மை இழுக்கிறதோ அதில் நாமே குறி போட வேண்டும். ஆகவே அந்த வரைபடத்தில் உள்ள குறிகள் எல்லாம் நாம் கண்ணால் கண்டு விரும்பியவை. யாரோ தந்த கடன் அல்ல.

அதிலேயே கொரொக் விதை என்று 900 சிறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. மச்சி எனக்குச் சொன்னபோது தலை சுற்றியது. ஆனால் ஆயுதம் வைக்கும் இடங்களையெல்லாம் முழுதாகப் பெருக்குவதற்கு 441 விதைகளே போதும். மிச்சத்தையும் தேடி 900ஐயும் சேர்த்துக் கொடுத்தால் கிடைக்கும் பரிசு, தங்க நிறத்தில் சாணக் குவியல் போன்ற ஒரு பொருள். செய்தவர்களே சிரித்துவிட்டுச் சொல்கிறார்கள்: எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நீ எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றிரண்டு கிடைக்கட்டும் என்றுதான் இவ்வளவு போட்டோம். எனக்கு அன்றுதான் ஹொரைசனின் முப்பது பூக்களும் விளங்கின.

இந்த முறையிலும் குறை உண்டு. ஒருமுறை திசைகாட்டி இல்லாமல் ஒரு குகை வாசலைத் தேடி முக்கால் மணித்தியாலம் சுற்றினோம். கடைசியில் தொடுதளத்தைத் தடவித்தான் கண்டுபிடித்தோம். இன்னும், பட்டியலை வெட்டுவதிலேயே உண்மையான மகிழ்ச்சி காண்பவர்களும் இருக்கிறார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படித்தான். அவளுக்கு அது ஓய்வு. கடைசிக் குறிக்குப் பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் அவளுக்கு இதில் திருத்த எதுவும் இல்லை. உம்மாவின் கேள்வி எனக்குத்தான் பொருந்தியது.

லீவு முடிவதற்கு முந்தைய இரவு, பாழடைந்த ஒரு விளையாட்டரங்கின் பக்கமாகப் போனபோது காட்சிமுனை ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. அதை இயக்கினால், இடிபாட்டின் மேல் பழைய உலகத்தின் காட்சி ஒளியாக எழும். கூடவே ஒரு மனிதனின் பதிவு. அவனுடைய பெயர் பஷார். பன்னிரண்டு இடங்களிலும் பேசுபவன் அவன்தான். உலகம் அழியப் போகிற நாட்களில், பின்னால் யாராவது வருவார்கள் என்று நம்பி, தன்னைப் பற்றியும் தன் தாயைப் பற்றியும் சொல்லி வைத்துப் போயிருக்கிறான். நான் அந்தப் பன்னிரண்டையும் முன்பே சேர்த்தவள். கொப்பியில் பன்னிரண்டு வெட்டும் இருக்கின்றன. ஒன்றில்கூட அவன் என்ன சொன்னான் என்று நின்று கேட்டதில்லை. அன்றைக்கு இருவரும் ஒன்றும் பேசாமல் கேட்டோம்.

நானா இப்போது மீண்டும் கட்டாரில். எங்கள் புதிய வரைபடத்தில் பாதிக்கு மேல் மேகம். முப்பது பூக்களில் நான்குதான் கையில் இருக்கின்றன. மேற்குப் பக்கத்து டோல்நெக் யாரும் ஏறாமல் அதே வட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் விளையாடுகிறேன், அந்தப் பக்கம் போவதில்லை. போன கிழமை வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வேலை, வெயில், சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"அது இன்னும் நடக்குதா?"

"நடக்குது நானா" என்று பதில் அனுப்பினேன்.